பின்னால் ஓடிய பாட்டு: ஒரு குறும்படம் வெளியாகுமுன் நடந்த அனுமதிச் சோதனை

பின்னணி

சென்னையில் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று 19 நிமிடக் குறும்படம் எடுத்தது. கலப்படப் பாலில் டீ போடும் ஒரு கடைக்காரர், அந்த டீயைக் குடித்து ஆஸ்பத்திரியில் சேரும் ஒரு பையன், அவன் தாய். கதை இவ்வளவுதான். டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், தனியார் மருத்துவமனை ஒன்றின் நடைவழி, ஒரு வீட்டு மொட்டைமாடி என நான்கு இடங்களில் நான்கு நாள் படப்பிடிப்பு நடந்தது. மொத்தச் செலவு ₹1,80,000. எடிட்டிங் முடிந்து, இரண்டு வாரத்தில் யூடியூபில் வெளியிடத் தேதி குறித்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஒரு சிறு நிறுவனம் ₹75,000 விளம்பர ஆதரவு தர முன்வந்தது. அவர்கள் அனுப்பிய இரண்டு பக்க ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: படத்தில் வரும் இசை, இடம், வணிக முத்திரை, மனிதர்கள் எல்லாவற்றுக்கும் உரிய அனுமதி பெறப்பட்டுள்ளது, பிரச்சினை வந்தால் பொறுப்பு தயாரிப்பாளருடையது. தயாரிப்பாளர் கையெழுத்துப் போடுமுன், கையில் என்னென்ன தாள் இருக்கிறது என்று பார்த்தார். டீக்கடைக்காரர் வாயால் சொன்ன சம்மதம், மருத்துவமனை நிர்வாகத்தின் ஒரு கடிதம், நடிகர்கள் நால்வரில் இருவரின் ஒப்பந்தம். வேறு எதுவும் இல்லை.

வெளியீட்டைத் தள்ளிவைத்து, முடிந்த படத்தை முதலிலிருந்து சோதிப்பது என்று முடிவானது. உதவி எடிட்டர் ஒருவர் பொறுப்பேற்றார்.

படத்தை மூன்று முறை பார்த்தது

ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள முடியாது. கதை ஓடத் தொடங்கியதும் கண் நடிகரின் பின்னால் போய்விடும். அதனால் மூன்று தனித்தனிப் பார்வைகள். முதலில் திரையை அணைத்துவிட்டு ஹெட்போனில் ஒலியை மட்டும் கேட்டார். குழு உருவாக்காத ஒவ்வொரு ஒலியையும் எழுதினார். அடுத்து ஒலியை நிறுத்திவிட்டு, பாதி வேகத்தில் எழுத்து, பலகை, பாக்கெட், ஸ்டிக்கர் ஆகியவற்றை மட்டும் பார்த்தார். கடைசியாக, நடிகர் அல்லாத மனிதர்களை மட்டும்.

41 பதிவுகள் சேர்ந்தன: ஒலி 6, இடம் 4, எழுத்தும் முத்திரையும் 17, முகங்கள் 14. ஒவ்வொன்றுக்கும் டைம்கோட், என்ன தெரிகிறது, என்ன முடிவு, ஏன் என்று நான்கு கட்டங்கள். எழுத்துத் தாள் இல்லாமல் வெளியிடக்கூடாதது சிவப்பு. மறைத்தாலோ மாற்றினாலோ போதும் என்பது மஞ்சள். அப்படியே விடலாம் என்பது பச்சை. ஆனால் ஏன் விடலாம் என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் நல்லதாகப் போயிற்று. 'யாரும் கவனிக்க மாட்டார்கள்' என்பதைத் தவிர வேறு காரணம் எழுத வராத ஏழு பதிவுகள் அன்றே மஞ்சளுக்கு மாறின.

அந்தத் தாளிலிருந்து மூன்று வரிகள்:

03:12–04:52: டீக்கடை. பின்னால் ரேடியோவில் சினிமாப் பாட்டு. வசனத்தோடு ஒரே தடத்தில். சிவப்பு.

04:20–04:26: சுவரில் காலண்டர், வரைந்த சாமி படம். யாரும் அதைப் பார்ப்பதில்லை. பச்சை.

11:05–11:08: வசனத்தில் பத்து இலக்கக் கைப்பேசி எண். அழைத்தால் ஒருவர் எடுக்கிறார். சிவப்பு.

மூன்றாவதை வேறு யாராவது சோதித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். திரைக்கதை எழுதியவர் மனதில் தோன்றிய எண்ணைப் போட்டிருந்தார். உதவி எடிட்டர் அதற்கு அழைத்தபோது நடுவயதுக்காரர் ஒருவர் எடுத்து, யார் வேண்டும் என்று கேட்டார். நடிகர் ஆறு இலக்கம் சொன்னதும் ஷாட்டை வெட்டி, மறுமுனையில் எழுதிக்கொள்ளும் கையைக் காட்டி முடித்தார்கள்.

ரேடியோவில் ஓடிய பாட்டு

படத்தின் மிகப் பெரிய சிக்கல் இந்த 1 நிமிடம் 40 விநாடிதான். படப்பிடிப்பன்று கடையில் எஃப்எம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் வரும் நேரம் என்பதால் யாரும் அணைக்கச் சொல்லவில்லை. இயக்குநருக்கு அது இயல்பாகவும் பட்டது.

குழுவில் மூன்று வாதங்கள் எழுந்தன. பாட்டைப் போட்டது கடைக்காரர், நாம் இல்லை என்பது முதல் வாதம். கடையில் பாட்டுப் போடப் பெறும் உரிமம், அந்த இடத்தில் வாடிக்கையாளர் காதில் விழுவதற்கு மட்டுமே. அதைப் பதிவு செய்து காட்சியோடு சேர்த்து வெளியிடுவது வேறு உரிமை. அது கடைக்காரரிடம் இல்லாததால் அவரால் தரவும் முடியாது. சில விநாடிகளுக்குள் இருந்தால் தப்பில்லை என்பது இரண்டாவது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் கிடையாது.

மூன்றாவது வாதம் கொஞ்சம் படித்தவரிடமிருந்து வந்தது: பின்னணியில் தற்செயலாக வருவதற்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறதே? இருக்கிறது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(u) பிரிவு. ஆனால் அது பேசுவது கலைப்படைப்புகளை, அதாவது ஓவியம், சிற்பம், புகைப்படம் போன்றவற்றை மட்டும். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சுவரோவியமோ சிலையோ படத்தில் வரலாம். மற்ற ஓவியங்கள் பின்னணியாகவோ தற்செயலாகவோ வரலாம். இசைக்கும் ஒலிப்பதிவுக்கும் அந்தப் பிரிவில் இடமில்லை. ஒரே ஃபிரேமில் சுவரில் தொங்கும் காலண்டர் பச்சையாகவும், அதற்குக் கீழே ரேடியோவில் ஓடும் பாட்டு சிவப்பாகவும் ஆனது இதனால்தான். அந்தக் காலண்டரையே கதாநாயகன் நின்று உற்றுப் பார்ப்பதாகக் காட்சி இருந்திருந்தால் அதுவும் பின்னணி என்ற நிலையை இழந்திருக்கும்.

உரிமம் வாங்கவும் முயன்றார்கள். ஒரு பதிவுசெய்யப்பட்ட பாட்டில் இரண்டு உரிமைகள் அடுக்காக இருக்கின்றன: மெட்டும் வரிகளும் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாட்டின் உரிமை வைத்திருந்த இசை நிறுவனத்துக்குப் படத்தின் பெயர், பாட்டு வரும் நேர அளவு, காட்சியின் சுருக்கம், எந்தத் தளம், எந்த நாடுகள், எத்தனை ஆண்டு என்ற விவரங்களோடு மின்னஞ்சல் போனது. ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. கேட்ட தொகை படத்தின் மொத்தச் செலவில் பாதிக்கு மேல். அதைவிட முக்கியம், உரிமம் ஓராண்டுக்குத்தான். ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் படத்தை எடுத்துவிட வேண்டும். தொகையைக் குறைத்துப் பேச இடமிருந்தது. கால வரம்பைத் தயாரிப்பாளர் ஏற்கவில்லை.

பாட்டை மட்டும் நீக்கவும் வழியில்லை. ரேடியோ நடிகர்களுக்கு இரண்டு மீட்டர் தள்ளி இருந்ததால் சட்டையில் குத்தும் லேப்பல் மைக், கம்பில் நீட்டும் பூம் மைக் இரண்டிலும் பாட்டு ஏறியிருந்தது. பாடகர் குரலும் நடிகர் குரலும் ஏறக்குறைய ஒரே அலைவரிசைப் பகுதியில் இருப்பதால், அலைவரிசைகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் ஒன்றை வெட்டினால் மற்றதும் சேர்ந்து மெலிந்தது. ஒலியைக் குறைத்து வைத்தாலும் ஏற்றும் ஒலியைப் பதிவான பாட்டுகளோடு ஒப்பிடும் யூடியூபின் தானியங்கிப் பொருத்தம் மெல்லிய பாட்டையும் பிடித்துவிடக்கூடும். போதாக்குறைக்கு, காட்சி வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் பாட்டின் வரி தாவியது. எடிட்டிங்கின்போதே அதைக் கேட்டு நிமிர்ந்திருக்க வேண்டும்.

முடிவு: காட்சி முழுவதையும் டப்பிங் செய்வது. இரண்டு நடிகர்கள், ஒரு மாலை. குரல் மட்டும் புதிதாக வந்தால் கடை செத்துப்போகும் என்பதால், ஒலிப்பதிவாளர் மறுநாள் காலை ஐந்து மணிக்கு, ரேடியோ போடுமுன், அதே கடைக்குப் போனார். வெறும் சூழல் ஒலி இரண்டு நிமிடம், பாய்லர் சீறுவது, டம்ளர் மேடையில் வைக்கப்படுவது, டீ ஆற்றுவது என்று தனித்தனியாக எடுத்து வந்தார். ரேடியோ ஓடும் உணர்வு வேண்டும் என்று இயக்குநர் கேட்டதற்கு, சந்தையில் காய்கறி விலை பற்றி ஒரு பக்கம் எழுதி, குழுவில் ஒருவரே படித்து, சின்ன ஸ்பீக்கரில் ஓட்டி மறுபடி பதிவு செய்தார்கள். எந்த நிலையத்தின் பெயரும் அடையாள ஒலியும் அதில் இல்லை.

தாய் பாடிய தாலாட்டு

14ஆவது நிமிடத்தில் தாய் மகனுக்கு ஒரு பழைய சினிமாத் தாலாட்டை 22 விநாடி பாடுகிறாள். நடிகையின் சொந்தக் குரல், வாத்தியம் இல்லை. அதனால் இதை யாரும் பிரச்சினையாகவே நினைத்திருக்கவில்லை. ஒலிப்பதிவு குழுவினுடையது, சரி; மெட்டும் வரியும் குழுவினுடையவை அல்ல. பழைய பாட்டுதானே என்பதும் உதவவில்லை. இந்தியாவில் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள காப்புரிமை எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு நீடிக்கிறது. ஏற்கெனவே வந்த பாட்டை இன்னொருவர் பாடிப் பதிவு செய்யும் மறுபாடல்களுக்கான சட்டப்பூர்வ உரிமம் என்று 31C பிரிவு ஒன்று இருக்கிறது. அது ஒலிப்பதிவாக வெளியிடுவதற்கு மட்டுமே. காட்சியோடு சேர்க்க அது பயன்படாது.

பாரதியார் வரிகளைப் பாடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பாரதி 1921இல் மறைந்தவர், வரிகளுக்குத் தடையில்லை. ஆனால் நடிகைக்குத் தெரிந்தது ஒரு படத்தில் வந்த மெட்டு. வரிக்கு உள்ள விடுதலை மெட்டுக்கு வராது. கடைசியில் நடிகை தன் வீட்டில் கேட்டு வளர்ந்த, யார் இயற்றியது என்றே தெரியாத 'ஆராரோ ஆரிரரோ' தாலாட்டைப் பாடினார். 22 விநாடியில் உதடு தெளிவாகத் தெரிந்தது ஆறு விநாடிதான். அங்கே தூங்கும் பையன் முகத்தின் ஷாட்டைப் போட்டு மூடினார்கள்.

கடைக்காரர் எதற்குச் சம்மதித்தார்?

டீக்கடைக்காரர் மனமுவந்து இடம் கொடுத்தவர். ஆனால் படம் எடுக்கச் சம்மதித்தாரே தவிர, கதை என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடையின் உண்மையான பெயர்ப்பலகை மூன்று ஷாட்டுகளில் தெளிவாகத் தெரிகிறது. அதன் கீழே நின்று ஒரு நடிகர் பாலில் எதையோ கலக்குகிறார். பார்க்கிறவர் ஊர்க்காரராக இருந்தால் கடையை அடையாளம் கண்டுகொள்வார். இது அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும். வழக்கு வராவிட்டாலும் அந்த மனிதரின் வியாபாரம் கெடும்.

தயாரிப்பாளர் நேரில் போய்க் கதையைச் சொன்னார். கடைக்காரர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எம் போர்டு தெரியாம பாத்துக்குங்க தம்பி. மத்தபடி எடுத்தது எடுத்ததுதான்" என்றார். பெயர்ப்பலகையை டிராக் செய்து, அதன் மேல் கற்பனைப் பெயர் ஒன்றைப் பதித்தார்கள். அந்தப் பெயரில் அந்தப் பகுதியில் வேறு டீக்கடை இல்லை என்று தேடிப் பார்த்த பிறகே. கூடவே, கதையின் சாரத்தையே இரண்டு வரியாகச் சேர்த்த தமிழ் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அப்போதுதான் கட்டடம் அவருடையதல்ல, வாடகைக்கு இருக்கிறார் என்பது தெரிந்தது. கட்டட உரிமையாளரிடமும் ஒரு கடிதம் வாங்கவேண்டி வந்தது.

கலக்கும் காட்சியில் கையில் இருந்தது பிரபலமான ஒரு பால் பாக்கெட். பெயர் முழுதாகத் தெரியவில்லை; நிறமும் வடிவமும் போதும், எது என்று சொல்லிவிடலாம். முத்திரை கண்ணில் பட்டதாலேயே குற்றம் ஆகிவிடாது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த குளிர்பானப் படத்தைப் பச்சையிலேயே விட்டார்கள். கதையில் அது எதுவும் செய்வதில்லை. பால் பாக்கெட்டோ கலப்படத்தோடு நேரடியாகச் சேர்கிறது. பொருளின் நற்பெயரைக் கெடுப்பதாக நிறுவனம் சொல்ல இடமுண்டு. வெற்று பிளாஸ்டிக் உறையில் பால் ஊற்றி, கையை மட்டும் நெருக்கமாக மறுபடி எடுத்தார்கள். அரை மணி நேர வேலை.

பஸ் ஸ்டாண்ட் காட்சி அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்டது. முடிந்த பிறகு பின்தேதியில் அனுமதி வாங்குவது என்று ஒன்று கிடையாது. 50 விநாடிக் காட்சியை நீக்கிவிட்டார்கள். படத்துக்கு இழப்பும் இல்லை.

முகங்கள்

பஸ் ஸ்டாண்ட் போனதும் 14 முகப் பதிவுகளில் ஐந்து தானாகக் குறைந்தன. மீதி ஒன்பது.

அனுமதியில்லாமல் ஒருவர் முகம் படத்தில் வரக்கூடாது என்று ஒற்றை வரிச் சட்டம் இந்தியாவில் இல்லை. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகு, வணிக நோக்கில் வெளியாகும் படத்தில் துணிந்து விடவும் முடியாது. குழு வைத்துக்கொண்ட அளவுகோல் எளிது: கேமரா அந்த ஆளைக் கவனிக்கிறதா, கதை அவரை ஏதாவது சொல்ல வைக்கிறதா, அந்த இடத்தில் இருப்பதே அவரைப் பற்றிய ஒரு தகவலா?

டீக்கடையில் டம்ளரோடு நிமிர்ந்து பார்க்கும் ஒரு பெரியவர் ஆறு விநாடி வருகிறார். எடிட்டர் அவர் பார்வையைக் கதாபாத்திரத்தின் எதிர்வினையாகவே வெட்டி வைத்திருந்தார். அவர் தினமும் வருகிறவர் என்பதால் ஆளைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. அந்தக் காட்சியைக் கைப்பேசியில் காட்டி, படிவத்தை வாசித்துக் காட்டி, ₹500 கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். தெருவில் நடந்துபோன நான்கு பேர் பச்சை.

மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் கதை வேறு. நிர்வாகம் கொடுத்த கடிதம் கட்டடத்துக்கானது. நோயாளிகளின் சார்பாகச் சம்மதிக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவர் உடல்நிலை பற்றிய செய்தி. மூவரையும் ஃபிரேமைப் பெரிதாக்கி வெளியே தள்ளினார்கள். மங்கலாக்கினால் துக்கக் காட்சியில் அது செய்திச் சேனல் போலத் தெரிகிறது என்பதே காரணம். ஒன்பதாவது பதிவு மொட்டைமாடி ஷாட்டில், எதிர்வீட்டு பால்கனியில் துணி காயப்போடும் ஒரு பெண். நான்கு விநாடி, ஃபோகஸ் இல்லை. 'முகம் தெளிவில்லை' என்று எழுதிப் பச்சையில் விட்டார்கள்.

ஏற்றியதும் அதன் பிறகும்

படத்தை முதலில் Private ஆக ஏற்றினார்கள். யூடியூப் ஏற்றும்போதே செய்யும் Checks சோதனையில் ஒரு உரிமைகோரல் வந்தது. அதிர்ச்சி என்னவென்றால், காசு கொடுத்து வாங்கிய பின்னணி இசைக்கு. எடிட்டர் தன் சொந்தச் சந்தாவில் இறக்கியிருந்தார். அந்த உரிமம் அவர் பதிவு செய்த சேனலுக்கு மட்டுமே செல்லும். இசை நூலகத்தில் தயாரிப்பாளர் பெயரில் கணக்குத் தொடங்கி, அதே இசையை மறுபடி இறக்கி, புதுச் சான்றிதழோடு எதிர்ப்புப் பதிவு செய்தபின் மூன்று நாளில் கோரல் விலகியது. கோரியவர் பதில் சொல்ல 30 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், இது அதிர்ஷ்டம்தான்.

திட்டமிட்டதைவிட 26 நாள் தாமதமாகப் படம் வெளியானது. ஒன்பதாம் நாள் யூடியூப் வழியாக அந்தரங்கப் புகார் ஒன்று வந்தது. அந்த பால்கனிப் பெண்ணிடமிருந்து. முகம் தெரியாவிட்டாலும் வீடு தெரிகிறது, பால்கனி தெரிகிறது, அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் அவர் யார் என்று தெரிந்துவிட்டது. இத்தகைய புகாரில் ஏற்றியவருக்கு 48 மணி நேர அவகாசம் கிடைக்கலாம். புதுப் படமாக ஏற்றினால் படத்தின் இணைய முகவரியும் பார்வை எண்ணிக்கையும் போய்விடும் என்பதால், Editor பகுதியில் உள்ள Blur வசதியால் பால்கனி முழுவதையும் மங்கலாக்கினார்கள். மாற்றம் பதிவாகச் சில மணி நேரம் ஆனது. தயாரிப்பாளர் நேரில் போய் மன்னிப்பும் கேட்டார். புகார் அத்தோடு முடிந்தது.

தாளில் மாற்றியவை

முகப் பகுதியில் இருந்த 'முகம் தெளிவாகத் தெரிகிறதா?' என்ற கேள்வியை அடித்துவிட்டு, 'தெரிந்தவர் பார்த்தால் யார் என்று சொல்லிவிடுவாரா?' என்று எழுதினார்கள். இட ஒப்புதல் கடிதத்தில் கதைச் சுருக்கமும், கையெழுத்திடுபவர் உரிமையாளரா வாடகைதாரரா என்ற கட்டமும் சேர்ந்தன. இசை உரிமம் ஒவ்வொன்றும் யார் பெயரில், எந்தச் சேனலுக்கு, எந்தத் தேதி வரை என்று தனி வரியானது. Private ஆக ஏற்றும் நாள், வெளியீட்டுக்கு 35 நாள் முன்பு என்று நாள்காட்டியில் குறிக்கப்பட்டது.

சோதனையில் பாதி இப்போது படப்பிடிப்புக்கு முன்பே, இடம் பார்க்கப் போகும்போது நடக்கிறது. அடுத்த படத்துக்கான இட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: படமெடுக்கும் நேரத்தில் ரேடியோ, டிவி அணைக்கப்படும், அதனால் குறையும் வியாபாரத்துக்கு மணிக்கு ₹300 தரப்படும். அந்தத் தொகையைப் பற்றி முதல் முறை கேள்விப்பட்ட கடைக்காரர், ரேடியோவை அணைக்கக் காசா என்று சிரித்தபடியே சுவிட்சை அணைத்தார்.